கப்பற்புகையும் கதிரொளியும்

கடலின் மேல் தாழ்வாகப் படர்ந்திருக்கும் முகிற்கூட்டத்தைச் செயற்கைக்கோள் மேலிருந்து படம்பிடிக்கும்போது, சில நாள்களில் அதன்மீது நீண்ட வெண்கோடுகள் தென்படும். 1960களில் வானிலைச் செயற்கைக்கோள்கள் அனுப்பிய படங்களிலேயே அவை காணப்பட்டன. கலிபோர்னியாவுக்கு மேற்கே பசிபிக் பெருங்கடலில் அவை மிகுதி. அவை காற்று வரைந்த கோடுகள் அல்ல. கீழே சென்ற கப்பல்களின் புகையால் உண்டானவை. ஆகவே, அவற்றைக் கப்பல்தடங்கள் என்பர். மாசு புவியை ஓரளவு குளிர்விக்கவும் செய்கிறது என்பதைக் கண்ணால் காட்டும் சான்று அது.

பெருங்கப்பல்கள், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் எஞ்சும் கனமான எண்ணெயையே நெடுங்காலம் எரித்துவந்தன. அதில் கந்தகம் மிகுதி. எண்ணெய் எரியும்போது கந்தகம் கந்தக டைஆக்சைடாக வெளியேறி, காற்றில் வேதிமாற்றம் அடைந்து சல்பேட் நுண்துகள்களாகிறது. இத்துகள்களின் குறுக்களவு பெரும்பாலும் அரை மைக்ரோமீட்டரைத் தாண்டாது. தலைமுடியின் தடிமனில் அது நூறில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமும் ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர்தான். அளவு இவ்வாறு ஒத்திருப்பதால், துகள்கள் கதிரொளியை நன்கு சிதறடிக்கின்றன. அதில் ஒரு பகுதி விண்வெளிக்கே திரும்பிவிடுகிறது. புவியிலிருந்து வெளியேறும் வெப்பக்கதிரின் அலைநீளமோ பத்து மைக்ரோமீட்டர் அளவினது. அதனை இத்துகள்கள் அவ்வளவாகத் தடுப்பதில்லை. பசுமை இல்ல வாயுக்கள் செய்வதற்கு இது நேர் எதிரானது: அவை கதிரொளியை உள்ளே விட்டு, வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுக்கின்றன.

முகிலுக்குள் துகள்கள் புகும்போது விளைவு இன்னும் பெருகுகிறது. நீராவி தானாகத் துளியாவது அரிது. பற்றிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். துகள்கள் பெருகினால், முகிலில் உள்ள அதே நீர் பல துளிகளாகப் பங்கிடப்படுகிறது. ஒரு பெரிய துளி எட்டுச் சிறு துளிகளாவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றின் ஆரமும் பாதியாகும். பரப்பு நான்கில் ஒன்றாகும். எட்டுத் துளிகளின் பரப்பையும் கூட்டினால் முன்பிருந்ததைப்போல் இருமடங்கு கிடைக்கும். நீரின் அளவு மாறாமலேயே ஒளியைத் திருப்பும் பரப்பு மட்டும் வளர்ந்துவிடுகிறது. கப்பல்தடம் வெண்மையாகத் தெரிவதன் காரணம் இதுவே. இதனை 1970களில் விளக்கியவர் ஷான் டூமி என்னும் அறிவியலறிஞர். அவர் பெயராலேயே இது டூமி விளைவு எனப்படுகிறது.

2020 சனவரி 1 முதல், கப்பல் எரிபொருளில் 3.5 விழுக்காடு வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகத்தின் உச்சவரம்பை, பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 0.5 விழுக்காடாகக் குறைத்தது. துறைமுக நகரங்களிலும் கடற்கரைகளிலும் வாழ்வோரின் நுரையீரலைக் காப்பதே நோக்கம். அந்நோக்கம் முற்றிலும் சரியானது. ஆனால், அவ்வாண்டின் செயற்கைக்கோள் படங்களில் கப்பல்தடங்களும் வெகுவாகக் குறைந்தன. தடங்கள் குறைந்தால், கடல் உள்வாங்கும் கதிரொளி கூடும். அவ்வாறு கூடிய வெப்பம் எவ்வளவு? ஒரு பாகையில் நூற்றில் சில பங்குகள் என்பது பல கணக்கீடுகளின் முடிவு. அதே ஆண்டில் பெருந்தொற்றால் கப்பற்போக்குவரத்தும் குறைந்தது. முகில்களோ இயல்பாகவே ஆண்டுக்காண்டு மாறுபவை. ஆகவே, கந்தகக் குறைப்பின் விளைவை மட்டும் தனியே பிரித்தறிவது எளிதன்று.

கப்பல்கள் மட்டுமல்ல, நிலக்கரி எரிக்கும் மின்நிலையங்களும் ஆலைகளும் இத்துகள்களை வெளியிடுகின்றன. பருவநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுகளின் குழு, 2021இல் வெளியிட்ட அறிக்கையில் கணக்கை இவ்வாறு வைத்தது: பசுமை இல்ல வாயுக்களால் மட்டும் புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 1.5 பாகை செல்சியசு உயர்ந்திருக்கும். பெரும்பாலும் நுண்துகள்களால் அதில் ஏறத்தாழ 0.4 பாகை மறைக்கப்பட்டது, எஞ்சிய 1.1 பாகையே அளவீடுகளில் தெரிந்தது. இந்த 0.4 உறுதியான எண் அன்று. மறைப்பு ஏறக்குறைய இல்லாமலும் இருக்கலாம், 0.8 பாகை வரையும் இருக்கலாம் என்று அவ்வறிக்கையே கூறுகிறது. இவ்வளவு ஐயம் நிலவக் காரணம், முகில்களை அளப்பதன் கடினமே. புகைக்கரியும் கணக்கைச் சிக்கலாக்குகிறது. கருநிறமுடைய அத்துகள், ஒளியைத் திருப்பாமல் உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகிறது.

மாசு இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கேட்பதுண்டு. அவர்கள் காலக்கணக்கை மறந்துவிடுகின்றனர். சல்பேட் துகள் சில நாள்களில், மிஞ்சினால் ஓரிரு வாரங்களில், மழையோடு மண்ணில் இறங்கிவிடும். கார்பன் டைஆக்சைடின் ஒரு பகுதியோ பல நூற்றாண்டுகள் காற்றில் தங்கும். மறைப்பு நீடிக்க வேண்டுமாயின் நஞ்சை நாள்தோறும் புதிதாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் வெப்பமோ சேர்ந்துகொண்டே போகும். புகைபோக்கியைத் தூய்மை செய்யும் அதே காலத்தில் மீத்தேனையும் குறைத்தால், மறைப்பு விலகுவதால் தோன்றும் வெப்பத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம். மீத்தேன் காற்றில் தங்குவது ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளே என்பதால், அதைக் குறைப்பதன் பயன் விரைவில் தெரியும்.