மிச்சமான நேரம் யாருக்கு?

நுழையும்முன்

பத்து மணி நேரத்திற்கெனக் கொடுத்த வேலையை ஒரு தொழிலாளி எட்டு மணி நேரத்தில் முடிக்கிறார். மிச்சமான இரண்டு மணி நேரத்தின் பயன் அவருக்கு உரியதா? இயந்திரமும் மூலப்பொருளும் தந்த உரிமையாளருக்கு உரியதா? இருவருக்கும் பங்கு உண்டு என்கின்றன ஊக்க ஊதியத் திட்டங்கள். அந்தப் பங்கை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

திட்டங்கள் பிறந்த சூழல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இயந்திரத் தொழிற்சாலைகள் பலவற்றில் செய்த பொருள்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி தரப்பட்டது. தொழிலாளி விரைந்து செய்து மிகுதியாக ஈட்டினால், உரிமையாளர் ஒரு பொருளுக்கான கூலியைக் குறைத்துவிடுவார். இதனை உணர்ந்த தொழிலாளர் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்தனர். இச்சிக்கலுக்குத் தீர்வாகப் பொறியாளர் பிரடெரிக் ஹால்சி 1891ஆம் ஆண்டு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். மிச்சத்தில் உரிமையாளருக்கும் பங்கு கிடைத்தால் கூலியைக் குறைக்கும் எண்ணம் அவருக்கு எழாது என்பது அவர் கருத்து. சில ஆண்டுகளுக்குப் பின், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கப்பல் இயந்திரங்கள் செய்த நிறுவனம் ஒன்றை நடத்திய ஜேம்ஸ் ரோவன் மற்றொரு முறையை வகுத்தார்.

இரு திட்டங்களுக்கும் அடிப்படை ஒன்றே. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு திட்ட நேரம் உண்டு. எடுத்துக்கொண்ட நேரத்திற்கான கூலி உறுதி. திட்ட நேரத்தைக் கடந்தாலும் அது குறையாது. நேரம் மிச்சமானால் அதன்மேல் ஊக்கத்தொகை சேரும்.

கணக்கிடும் முறை

ஹால்சி திட்டத்தில், மிச்சமான நேரத்தின் கூலியில் பாதி தொழிலாளிக்குச் சேரும். நடைமுறையில் இப்பங்கு நிறுவனத்திற்கு நிறுவனம் மாறலாம். இங்குப் பாதி எனக் கொள்வோம்.

ரோவன் திட்டத்தில், திட்ட நேரத்தில் எத்தனை விழுக்காடு மிச்சமோ, உழைத்த நேரத்தின் கூலி அத்தனை விழுக்காடு உயரும்.

கடைசல் இயந்திரத்தில் செய்யும் ஒரு வேலைக்குத் திட்ட நேரம் 10 மணி, மணிக்கூலி ₹60 எனக் கொள்வோம். தொழிலாளி அதை 8 மணியில் முடிக்கிறார். அவருடைய நேரக்கூலி 8 × 60 = ₹480.

ஹால்சி: மிச்சமான 2 மணியின் கூலி ₹120. அதில் பாதி ₹60. மொத்த ஊதியம் ₹540.

ரோவன்: பத்தில் இரண்டு மணி மிச்சம், அதாவது 20 விழுக்காடு. ₹480இல் 20 விழுக்காடு ₹96. மொத்த ஊதியம் ₹576.

இங்கு ரோவன் திட்டமே தொழிலாளிக்கு நன்மை தருகிறது. அதே வேலை இன்னும் விரைவாக முடிந்தால் என்னவாகும்?

| எடுத்த நேரம் | நேரக்கூலி | ஹால்சி ஊக்கத்தொகை | ரோவன் ஊக்கத்தொகை |
|---|---|---|---|
| 8 மணி | ₹480 | ₹60 | ₹96 |
| 5 மணி | ₹300 | ₹150 | ₹150 |
| 2 மணி | ₹120 | ₹240 | ₹96 |

அட்டவணை உணர்த்துவது

திட்ட நேரத்தில் சரிபாதி மிச்சமாகும்போது இரு ஊக்கத்தொகைகளும் ஒன்றாகின்றன. அதற்குக் குறைவாக மிச்சமானால் ரோவன் திட்டமும், மிகுதியாக மிச்சமானால் ஹால்சி திட்டமும் தொழிலாளிக்குக் கூடுதலாகத் தருகின்றன.

ரோவன் நிரலில் முதல் தொகையும் இறுதித் தொகையும் ஒன்றாக இருப்பதைக் காண்க. இரண்டு மணியை மிச்சப்படுத்தியவருக்கும் எட்டு மணியை மிச்சப்படுத்தியவருக்கும் அதே ₹96தான். முன்னவர் தாம் மிச்சப்படுத்திய நேரத்தின் மதிப்பான ₹120இல் 80 விழுக்காட்டைப் பெறுகிறார்; பின்னவர் ₹480இல் 20 விழுக்காட்டையே பெறுகிறார். விரைவு கூடக் கூடத் தொழிலாளியின் பங்கு சுருங்குகிறது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. பத்து மணி வேலை இரண்டு மணியில் முடிந்தால், தொழிலாளியின் திறமையைவிடத் திட்ட நேரத்தைக் கணித்ததில் நேர்ந்த பிழையே காரணமாக இருக்கக்கூடும். ஹால்சி முறையில் அவருக்கு மணிக்கு ₹180 கிடைக்கும். இது மணிக்கூலியைப் போல மூன்று மடங்கு. ரோவன் முறையில் மணிக்கு ₹108 மட்டுமே. எவ்வளவு விரைந்தாலும் அது ₹120ஐ, அதாவது மணிக்கூலியின் இரு மடங்கை எட்டாது. எனவே, தவறான கணிப்பால் வரும் இழப்பிலிருந்து ரோவன் திட்டம் உரிமையாளரைக் காக்கிறது. ஆனால், உண்மையான திறமையால் விரைந்தவருக்கும் அதே வரம்புதான். பிழையையும் திறமையையும் அந்தக் கணக்கு பிரித்தறிவதில்லை. ஆகவே, திட்ட நேரத்தைச் சரியாக வகுத்த பின்னரே எத்திட்டமும் நியாயமாக அமையும்.

பயிற்சி

1. திட்ட நேரம் 12 மணி, எடுத்த நேரம் 9 மணி, மணிக்கூலி ₹50. இரு முறைகளிலும் மொத்த ஊதியத்தைக் கணக்கிடுக. (விடை: ஹால்சி ₹525, ரோவன் ₹562.50)
2. ரோவன் திட்டத்தில் ஒரு மணி நேர ஊதியம் ஏன் இரு மடங்கை எட்டுவதில்லை? விளக்குக.