50 ஹெர்ட்ஸ் இரைச்சலை மட்டும் நீக்க முடியுமா?

கேள்வி: நொடிக்கு 500 மாதிரிகள் எடுக்கும் எங்கள் இசிஜி கருவியில் மின்கம்பி இரைச்சல் கலக்கிறது. அதை மட்டும் எப்படி நீக்குவது?
– வாசகர், பத்து பாகாட்

பதில்: மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 500 ஹெர்ட்ஸுக்கு முழுவட்டம் 360 பாகை என்றால், 50 ஹெர்ட்ஸுக்கு 36 பாகை. அலகு வட்டத்தின் மீது ±36 பாகையில் இரண்டு சுழிகளை வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் முற்றிலும் அழியும். சுழிகள் மட்டும் இருந்தால் பக்கத்து அதிர்வெண்களும் தேய்ந்துவிடும். அதே கோணங்களில், 0.98 ஆரத்தில் துருவங்களை வைத்தால் அவை மீளும்; பள்ளத்தின் அகலம் சுமார் 3 ஹெர்ட்ஸ்தான்.

```
y[n] = 0.98*(x[n] - 1.618*x[n-1] + x[n-2])
       + 1.5857*y[n-1] - 0.9604*y[n-2]
```

ஆரத்தை 0.99 ஆக்கினால் பள்ளம் பாதியாகும். ஆனால் இதயத்துடிப்பின் கூர்முனைக்குப் பின் எழும் 50 ஹெர்ட்ஸ் சிற்றலை இருமடங்கு நேரம் நீடிக்கும். திரையில் அந்த வால் தெரிந்தால், ஆரத்தைக் குறையுங்கள்.