சுவரில் ஏறும் ஓதம்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையையொட்டிய பழைய கடைவீடுகள், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. இவ்வட்டாரம் 1989ஆம் ஆண்டில் பாதுகாக்கப்படும் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய வீடுகளின் அடிச்சுவரில் ஓதம் ஏறுவதுண்டு. கீழே இருக்க வேண்டிய நீர் மேலே ஏறுவது எவ்வாறு?

மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றை நீரில் நிறுத்தினால், குழாயினுள் நீர் சற்று உயர்ந்து நிற்கும். நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோலைப் போன்றது; அதன் விசையே பரப்பு இழுவிசை (T). குழாயின் உள்விளிம்பு முழுவதும் அது நீரை மேலே இழுக்கிறது. உயர்ந்த நீரின் எடை கீழே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் நீர் நின்றுவிடுகிறது:

2πr × T × cosθ = πr² × h × ρ × g

h = 2T cosθ / (ρ g r)

இங்கு r குழாயின் ஆரம், ρ திரவத்தின் அடர்த்தி, g புவியீர்ப்பு முடுக்கம், θ தொடுகோணம். தூய கண்ணாடியில் நீர் நன்கு பரவுவதால் θ ஏறத்தாழ 0; ஆகவே cosθ = 1. மெழுகின்மீது நீர் முத்தாகத் திரள்வதால் கோணம் 90 பாகைக்கு மேற்படுகிறது. அப்போது cosθ எதிர்க்குறி பெறும். நீர் ஏறாது, தாழும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 30 பாகை வெப்பத்தில் நீரின் T மீட்டருக்கு 0.071 நியூட்டன், ρ கன மீட்டருக்கு 1000 கிலோகிராம், g 9.8. ஆரம் 0.5 மில்லிமீட்டர் என்றால்,

h = (2 × 0.071) / (1000 × 9.8 × 0.0005) = 0.029 மீட்டர்

அதாவது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். மண்ணெண்ணெய் நீரைவிட இலேசானது. எனினும் அதன் பரப்பு இழுவிசை மிகக் குறைவாதலால், அதே குழாயில் அது இதில் பாதியளவே ஏறும்.

செங்கல்லின் நுண்துளைகள் இதனினும் மிகச் சிறியவை. ஆரம் 0.01 மில்லிமீட்டராயின் உயரம் 1.45 மீட்டர். இன்னும் நுண்ணிய துளைகளுக்குக் கணக்கு மேலும் அதிகமாகக் காட்டும். ஆயினும் உண்மைச் சுவரில் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது. ஏறும் நீர் வழியிலேயே ஆவியாகிவிடுவதே காரணம். நீர் ஆவியாகும் இடத்தில் அதில் கரைந்த உப்பு தங்கிப் பூக்கும். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஈரக்கோடும் உப்புப் பூப்பும் காணப்பட்டால், அது ஏறும் ஓதம் என ஊகிக்கலாம். கூரை ஒழுக்காயின் கறை மேலிருந்து இறங்கும். மழைக்குப் பின் மிகும்.

ஈரத்தை மறைக்க சிமெண்டு பூசுவோர் உண்டு. அது ஆவியாதலைத் தடுப்பதால், நீர் பூச்சின் எல்லையையும் தாண்டி மேலேறும். மூச்சுவிடும் சுண்ணாம்புப் பூச்சே பழைய சுவருக்கு ஏற்றது. தரைக்குச் சற்று மேலே சுவரில் வரிசையாகத் துளையிட்டு, சிலிக்கோன் வகை மருந்தைச் செலுத்தும் முறையும் உண்டு. அது துளைகளை அடைப்பதைவிட, அவற்றின் உட்சுவரை மெழுகு போலாக்கி, தொடுகோணத்தை 90 பாகைக்கு மேல் உயர்த்துகிறது. சூத்திரத்தில் cosθ குறி மாறுகிறது. நீரின் ஏற்றமும் தடைப்படுகிறது.