தோல் செற்றியில் பேனை மை

சாவகச்சேரிப் பக்கம் சோளகம் வீசும் மாதங்களில் தோல் செற்றியும் கைப்பையும் தானாகவே வறண்டுவிடும். அதில் மையை எடுக்கிறோம் என்று ஸ்பிரிட்டை ஊற்றித் தேய்த்தால் வெடிப்பு நிச்சயம்.

முதலில் மறைவான மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சி அந்த இடம் கறுத்தால் அது மேற்பூச்சு இல்லாத தோல். வீட்டில் கை வைக்க வேண்டாம். சொட்டு உருண்டு நின்றால் தொடரலாம்.

பஞ்சுக்குச்சியைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தொட்டு, கடதாசியில் ஒற்றி, ஈரம் மட்டும் இருக்கும்போது மைக்கோட்டின் மேல் உருட்டுங்கள். தேய்த்தால் மை பரவும். நீலம் ஏறிய குச்சியைத் திரும்ப வைக்காமல் புதியதை எடுங்கள். குச்சியில் நீலத்துக்குப் பதில் செற்றியின் மண்ணிறம் வந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். இனிக் கரைவது தோலின் பூச்சு. பழைய மை முழுதாய்ப் போகாது, மங்கும். நகப்பூச்சு நீக்கி வேண்டவே வேண்டாம்.

பிறகு பிழிந்த துணியால் துடையுங்கள். சுண்ணாம்பு கூடிய எங்கள் கிணற்றுத் தண்ணீர் வெள்ளைத் தடம் விடும். போத்தல் தண்ணீர் நல்லது. நிழலில் காய்ந்ததும் நிறமற்ற தோல் கிரீமை மெல்லியதாய்ப் பூசுங்கள். மேலோட்டமான உரசல் தடங்களும் இதிலேயே மறையும். தேங்காயெண்ணெய் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தோலைக் கறுப்பாக்கி, தூசி பிடித்து, நாளடைவில் காறல் மணம் வீசும். சப்பாத்துப் பொலிஷ் உட்காருபவரின் வேட்டியில் ஒட்டும்.