சங்கத்தின் படத்தைப் பிறர் எடுத்துக்கொண்டால்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன்பு, என் சரகத்திலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிற்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு பருத்திச் சேலையும் ஒரு கடிதமும் இருந்தன. முதல் சலவையிலேயே சாயம் இறங்கிவிட்டது என்றும், இத்தகைய சரக்கைச் சங்கத்தின் பேரால் விற்பது முறையோ என்றும் ஓர் அம்மையார் வருத்தத்துடன் கேட்டிருந்தார். மானேஜர் சேலையை விரித்துப் பார்த்தார். அது சங்கத்தில் நெய்ததன்று. கரையிலிருந்த தாமரைக்கொடி நெய்யப்பட்டதன்று, அச்சடிக்கப்பட்டது. ஆனால் அந்த அம்மையார் வாங்கிய இணைய அங்காடிப் பக்கத்தைத் திறந்தபோது, அங்கே இருந்த படம் சங்கத்தின் படமேயாகும். சங்கக் கட்டடத்தின் திண்ணைத் தூணும், அத்தூணில் ஓடும் விரிசலும்கூட அதில் தெரிந்தன. சேலைத் தலைப்பில் தொங்கிய சங்கச் சீட்டு மட்டும் வெட்டி நீக்கப்பட்டிருந்தது. சங்கத்தின் விலை ரூ. 1,450, அங்கே ரூ. 640.

நான் சென்றபோது நிர்வாகக் குழுவினர் கொதிப்புடன் இருந்தனர். விற்றவன் பெயரைப் போட்டு, "திருடன்" என்று எல்லோரும் காண எழுதிவிட வேண்டும் என்பது பெரும்பான்மையோர் கருத்து. ஒரு நாள் பொறுக்குமாறு அவர்களைக் கேட்டுக்கொண்டேன். நாம் கூச்சலிட்டவுடன் அந்தப் பக்கம் மறைந்துவிடும். பக்கம் மறைந்தால் சான்றும் மறைந்துவிடும்.

ஆகவே அன்று மாலை சான்று சேர்ப்பதையே முதல் வேலையாகக் கொண்டோம். படத்தை மட்டுமன்றி, பக்கம் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். இணைய முகவரி, விற்பவர் பெயர், விலை, பார்த்த தேதி, நேரம் யாவும் ஒரு தாளில் குறிக்கப்பட்டன. தேடியதில் சங்கத்தின் நான்கு படங்கள் நான்கு பக்கங்களில் அகப்பட்டன. பின்னர் சங்கத்தின் பேரிலேயே ஒரு சேலைக்கு ஆர்டர் கொடுத்தோம். வந்த பார்சலை இரண்டு டைரக்டர்கள் முன்னிலையில் பிரித்து, அதனை நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்தோம். ரூ. 640 வீண் செலவு என்று ஒருவர் முணுமுணுத்தார். ஆனால் விற்றவரின் உண்மைப் பெயரும் முகவரியும் ஜி.எஸ்.டி. எண்ணும் அந்தப் பில்லில்தான் கிடைத்தன.

அடுத்து ஒரு கேள்வியைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. களவு போனது எது? உறுப்பினர்கள் படத்தையும் சேலையின் டிசைனையும் ஒன்றாகவே பேசினர். சட்டத்தில் அவை இரண்டும் வெவ்வேறு உரிமைகளாகும்.

படத்தைப் பொறுத்தவரை நம் நிலை வலுவானது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு புகைப்படத்திற்கு எங்கும் பதிவு செய்யாமலே உரிமை உண்டு. பணம் கொடுத்து ஒருவரைக் கொண்டு எடுப்பித்த படமானால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில், எடுப்பித்தவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆம் பிரிவு. இச்சங்கம் டவுனிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரரை அழைத்து ரூ. 3,000 கொடுத்திருந்தது, வவுச்சரும் கோப்பில் இருந்தது. காமிராவிலிருந்து வந்த மூலப்படங்களை அவர் அழிக்காமல் வைத்திருந்தது நற்பேறு. மூலத்தில் சங்கச் சீட்டு முழுமையாகத் தெரிகிறது. நகலில் அது வெட்டப்பட்டிருக்கிறது. எது முந்தியது என்பதற்கு வேறு வாதம் தேவையில்லை.

டிசைன் விஷயமோ வேறு. 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி, இந்தியாவிலோ பிற நாட்டிலோ முன்னரே வெளிப்படாத புதிய டிசைனையே பதிவு செய்ய முடியும். தாமரைக்கொடிக் கரையைச் சங்கம் இரண்டு ஆண்டுகளாக விற்றுவந்தது. ஆகவே பதிவுக்குக் காலம் கடந்துவிட்டது. சரி, கரையை வரைந்த சித்திரத்திற்குப் பதிப்புரிமை கோரலாகாதா என்று மானேஜர் கேட்டார். நல்ல கேள்விதான். பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, அதைக்கொண்டு தொழில்முறையில் 50 உருப்படிகளுக்கு மேல் செய்துவிட்டால், அந்தப் பதிப்புரிமையும் நீங்கிவிடும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கூறுகிறது. சங்கம் நெய்தவையோ பல நூறு. இதைக் கேட்ட முதிய நெசவாளர் ஒருவர், "அப்படியானால் நம் கை வேலைக்கு மதிப்பில்லையா, ஐயா?" என்றார். அவருக்கு என்னால் ஆறுதலான விடை சொல்ல இயலவில்லை.

முதல் புகாரை மானேஜர் அவசரத்தில் தாமே அனுப்பியிருந்தார். "எங்கள் டிசைன் திருடப்பட்டது" என்று அதில் எழுதியதால், டிசைன் பதிவு எண் யாது என்று அங்காடியார் கேட்டுத் திருப்பிவிட்டனர். இரண்டாம் புகாரில் டிசைனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எந்தப் படம், அது சங்கத்தினுடையது என்பதற்கு ஆதாரம், நகல் இருக்கும் நான்கு பக்கங்களின் முழு முகவரி ஆகியவற்றை அங்காடியின் குறைதீர் அலுவலருக்கு எழுதினோம். 2013-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின்படி, முறையான புகார் கிடைத்த 36 மணி நேரத்திற்குள் அங்காடியார் நகலை மறைக்க வேண்டும். ஆனால் 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவைக் காட்டாவிட்டால் அவர்கள் அதனைத் திரும்ப வெளியிடலாம். வழக்குத் தொடுத்து உத்தரவு கொண்டுவருவதாகப் புகாரிலேயே உறுதிமொழி தர வேண்டும். ஆகையால் நிர்வாகக் குழுவின் தீர்மானம் இல்லாமல் மானேஜர் மட்டும் கையொப்பமிடுதல் தகாது.

விற்றவருக்கும் ஒரு கடிதம் எழுதினோம். நான்கு படங்களைச் சுட்டி, ஏழு நாட்களில் அவற்றை நீக்கி, இனிப் பயன்படுத்துவதில்லை என எழுதித் தருமாறு மட்டும் கேட்டோம். இல்லாத உரிமையைச் சொல்லி மிரட்டினால், மிரட்டப்பட்டவரே நம்மீது வழக்குத் தொடர 60-ஆம் பிரிவு இடங்கொடுக்கிறது. அவர் பதில் எழுதினார். படங்கள் தமக்கு ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து சரக்குடன் வந்தவை என்றும், எவருடையவை என்று அறியாமல் போட்டதாகவும், இனிப் போடுவதில்லை என்றும் தெரிவித்திருந்தார். இது மெய்யாகவும் இருக்கலாம். முதல் நாளே "திருடன்" என்று எழுதியிருந்தால், அவதூறு வழக்கிற்கு நாம்தான் விடை தேடியிருப்போம்.

படங்கள் மூன்றாம் நாள் மறைந்தன. எழுத்து மூலம் உறுதியும் கிடைத்ததால் நீதிமன்றம் செல்லும் தேவை எழவில்லை. அச்சடித்த சேலையோ புதுப்படத்துடன் இன்றும் விற்பனையாகிறது.

இதற்கிடையே வாடிக்கையாளர் பலர் இது குறித்து வினவினர். அவர்களுக்காகச் சங்கத்தின் பக்கத்தில் வெளியிட்ட அறிவிப்பு இதுதான்:

"எங்கள் சேலைப் படங்கள் சில எங்கள் அனுமதியின்றி வேறிடத்தில் வெளியாயின, அவை இப்போது நீக்கப்பட்டுள்ளன. எங்கள் தாமரைக்கொடி நெய்யப்பட்டது. ஆகவே சேலையின் பின்புறத்திலும் கொடியின் நூல் தெரியும். சங்கச் சீட்டும் பில்லும் இல்லாத சேலை எங்களுடையதன்று. ஐயமுள்ளோர் சேலையின் இருபுறத்தையும் படமெடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறோம்."

விற்றவர் பெயர் அதில் இல்லை. அதன் கீழ் வந்த கேள்விகளுக்கு மானேஜர் ஒவ்வொரு முறை விடை கூறினார். சண்டைக்கு இழுத்தவர்களுக்கு விடை கூறவில்லை. பார்சல் அனுப்பிய அம்மையாருக்கு, எந்த அங்காடியில் வாங்கினாரோ அங்கேயே பணம் திரும்பக் கேட்கும் முறையை எழுதி, சேலையையும் திருப்பி அனுப்பினோம். அடுத்த மாதம் அவர் சங்கத்திலேயே ஒரு சேலை வாங்கினார்.

இப்போது அச்சங்கத்தில் ஒரு புதிய கரை வரைந்து முடிந்திருக்கிறது. மயில்கண், ருத்திராட்சம் போன்ற பழைய கரைகளை எவரும் தமதென்று பதிய முடியாது. இதுவோ அவர்களே கற்பனை செய்தது. பதிவாகிவிட்டால் பத்தாண்டு உரிமை கிடைக்கும். மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம். விண்ணப்பம் டிசைன் அலுவலகத்தில் சேர்ந்து எண் வரும்வரையில் படமெடுக்கவோ, கண்காட்சியில் வைக்கவோ கூடாது என்று தீர்மானம் ஆகியிருக்கிறது. வரைபடம் மானேஜர் பீரோவில் பூட்டப்பட்டுள்ளது. சாவி அந்த முதிய நெசவாளரிடம் இருக்கிறது.