உபன்யாசமும் உரிமையும்

கேள்வி: ஓர் அறிஞரின் திருப்பாவை உபன்யாசத்தைச் சிறு நூலாக்கி இலவசமாகத் தர விரும்புகிறோம். கடிதம் எழுதி அனுமதி கேட்பது அவசியமா?

பதில்: அவசியம். ஆண்டாள் பாசுரங்கள் எல்லோருக்கும் பொது. அவற்றுக்கு அந்த அறிஞர் சொன்ன விளக்கம் அவருடையது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சமயச் சொற்பொழிவையும் காக்கிறது. பொதுமேடையில் பேசியதற்குப் பேசியவரே முதல் உரிமையாளர். ஒலிப்பதிவு செய்தவர் அல்ல. அவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். இலவசமாகத்தானே கொடுக்கிறோம் என்பீர்கள். விலை இல்லாததால் மட்டும் அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடாது. அதைவிட முக்கியம், சுருக்கும்போது பொருள் திரிந்தால் பழி அவர் பெயருக்கே வரும். ‘சிற்றஞ்சிறுகாலே’ பாசுரத்துக்கு அவர் சொன்ன இரண்டு பொருளில் ஒன்றை இடமின்றி விட்டாலே, அவர் சொல்லாத முடிவை அவர் சொன்னதாக்கிவிடுவோம்.

ஆகவே கடிதத்தில் எந்தப் பாசுரங்களின் விளக்கம், எத்தனை பிரதி, இலவசமா விலைக்கா, எங்கே சுருக்குகிறீர்கள் என்பதை எழுதி, தட்டச்சுப் படியையும் இணையுங்கள். “சுவாமி வாயாலேயே சரி என்றாரே” என்பது போதாது. உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அவ்வுரை ஏற்கெனவே நூலாக வந்திருந்தால் உரிமை பதிப்பகத்திடம் போயிருக்கலாம். அதையும் அவரிடமே கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு அச்சகத்துக்குப் போகாதீர்கள்.