கரப்பான் பூச்சியும் குழந்தைகளின் ஆஸ்துமாவும்

உங்கள் பேரப்பிள்ளைக்கு இரவில் இருமலும் மூச்சிரைப்பும் அடிக்கடி வருகிறதா? கரப்பான் பூச்சி ஒரு காரணமாக இருக்கலாம். அதன் எச்சமும் உமிழ்நீரும் உதிர்ந்த தோலும் தூசியில் கலந்து, ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைத் தூண்டும். ஒவ்வாமை உண்டா என்பதை மருத்துவர் பரிசோதனை மூலம் உறுதிசெய்வார்.

மருந்தைத் தெளிக்காதீர்கள்; அதன் நெடி மூச்சுக்குழாயை உறுத்தும். கரப்பானுக்கான பசை மருந்தை அடுப்புக்குப் பின்னால், குழந்தையின் கைக்கு எட்டாத இடுக்குகளில் சிறு புள்ளிகளாக வையுங்கள். உணவை மூடி வையுங்கள். ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள்.

பூச்சிகள் ஒழிந்த பிறகும் அவற்றின் எச்சம் பல மாதங்கள் தூசியில் தங்கும். மிளகுத்தூள் போன்ற கறுப்புப் புள்ளிகள் தெரியும் இடங்களைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உலர்வாகப் பெருக்கினால் தூசி பறக்கும். வீடு சுத்தமானாலும், மருத்துவரைக் கேட்காமல் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்.